பழனி பாதயாத்திரை கதைக்கு ஷார்ட் ஃபிலிம் ஸ்கிரிப்ட்: தாத்தா, பேத்தி, 12 பக்கம், சீன் விவரிப்போட முழு வழிகாட்டி

தாத்தா ஒருத்தர் கடைசி தடவையா பழனிக்கு நடக்குறாரு, பேத்தி கூட நடக்குது. இந்த ஒன்லைனோட வர்றவங்க நிறைய பேரு, எழுதிட்டு வர்றதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் பக்கத்துலயே தாத்தா இருமுவாரு, நடுவுல ரெண்டு பேரும் ரோட்டுல வாழ்க்கையப் பத்தி பேசிட்டே போவாங்க, கடைசிப் படியில தாத்தா செத்துடுவாரு. எங்க தப்பாகுதுன்னு பாத்தா பெரும்பாலும் எழுதின வரிசைலதான், ஏன்னா எல்லாரும் டயலாக்ல ஆரம்பிக்கிறாங்க.

இங்க ஒரே கதைய எடுத்துக்கிட்டு 12 நிமிஷப் படத்துக்கு வரிசையா எழுதிக் காட்டுறேன். தாத்தா பேரு முத்தையா, 72 வயசு, நத்தம் பக்கம் ஒரு ஊரு. பேத்தி அபி, 19 வயசு, மக வயித்துப் பேத்தி. தைப்பூசத்துக்கு நடக்குறாங்க.

1. எழுத உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல ரோடு. கதை நடக்கிற ரோட்டை ஒரு தடவையாவது நடந்து பாக்கணும், பைக்ல போய்ட்டு வந்து எழுதுனா எல்லா சீனும் "சாலை, பகல்"னுதான் வரும். தைப்பூச சமயத்துலயே போகணும்னு இல்ல, ஆனா சாயங்காலம் ஆரம்பிச்சு கொஞ்ச தூரமாவது இருட்டுல நடங்க. நடைபாதைல கல்லு எங்க பேந்து கிடக்கு, லாரி லைட்டு எந்தப் பக்கமிருந்து மூஞ்சில அடிக்குது, டீக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல எவ்ளோ இருட்டு, இதெல்லாம் கூகுள் மேப்ல கிடைக்காது.

ரெண்டாவது காலண்டர். தைப்பூசம் தை மாசம் பௌர்ணமிய ஒட்டி வர்றது, அப்ப நிலா எங்க இருக்கும்ங்கிறது உங்க இஷ்டத்துக்கு இல்ல. இது எதுக்குன்னு 3ல சொல்றேன்.

மூணாவது, வயசானவங்க நடக்குறத பக்கத்துல இருந்து பாத்த அனுபவம். வீட்ல யாரும் இல்லன்னா காலைல பார்க்குக்கு போய் உக்காருங்க. நடிகர்கிட்ட "தள்ளாடி நடக்கிறார்"னு எழுதிக் குடுத்தா அவரு குனிஞ்சு இடுப்பப் புடிச்சுக்கிட்டு நடப்பாரு. நிஜத்துல வயசானவங்க நிக்கிறதுக்கு காரணம் தேடுவாங்க, செருப்பு வார் சரி பண்ற மாதிரி, வேட்டிய அவுத்து கட்டுற மாதிரி, யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருக்குன்னு ஒரு கடைய உத்துப் பாக்குற மாதிரி. இதத்தான் எழுதணும்.

2. முழு யாத்திரைய எடுக்காதீங்க, கடைசித் துண்டு போதும்

புதுசா எழுதுறவங்க வீட்ல மாலை போடுறதுல ஆரம்பிச்சு ஊரு ஊரா கூட்டிட்டுப் போய் மலை உச்சில முடிப்பாங்க. 12 பக்கத்துல அது வேலைக்கு ஆகாது, ஒவ்வொரு ஊருக்கும் அரைப் பக்கம்னு போய் டிராவல் வீடியோ மாதிரி ஆயிடும்.

நம்ம கதை ஒட்டன்சத்திரத்துல ஆரம்பிக்குது. அங்கிருந்து பழனிக்கு சுமார் 30 கிலோமீட்டர், ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி, ஒரு காலை. நத்தத்துல இருந்து திண்டுக்கல் வழியா ஏற்கனவே ரெண்டு மூணு நாளா நடந்துட்டாங்க, அது எதையும் காட்ட வேணாம், கால் அழுக்கும் வேட்டி கசங்கலும் சொல்லிடும். உடம்பு ஏற்கனவே களைச்சுப் போன இடத்துல கதை ஆரம்பிக்குது, அதனால முதல் பக்கத்துலயே எதுவும் நடக்கலாம்.

இந்த இடத்துலயே ஒரு ஓட்டைய அடைச்சுடணும். பாதயாத்திரைக்கு பெரும்பாலும் குழுவாத்தான் போவாங்க, குருசாமி இருப்பாரு, சாமான் ஏத்துன டெம்போ கூட வரும். அப்ப நம்ம ஆளுங்க ரெண்டு பேரு மட்டும் ஏன் தனியா நடக்குறாங்க, முடியலைன்னா டெம்போல ஏற வேண்டியதுதானன்னு பாக்குறவன் கேப்பான். முதல் சீன்லயே டெம்போ "பழனில பாப்போம்"னு கிளம்பிப் போகட்டும், குழு முன்னாடி நடந்து போயிடட்டும், முத்தையா கடைசி ஆளா கிளம்பட்டும். அரைப் பக்கம்தான் ஆகும், இத விட்டா படம் முழுக்க அந்தக் கேள்வி கூடவே நடந்து வரும்.

3. ரூட் பட்டியல்: இடம், நேரம், வெளிச்சம்

சீன் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல வழிய எழுதுங்க. ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. ஒவ்வொண்ணுக்கும் நேரா எத்தன மணிக்கு அங்க இருப்பாங்க, வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு எழுதணும். 72 வயசுக்காரர் ராத்திரில மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தாலே பெருசு, நடுவுல உக்கார்றதையும் சேத்தா சாயங்காலம் 4 மணிக்கு கிளம்பினவங்க விடிஞ்சுதான் பழனி சேருவாங்க.

வெளிச்சம்தான் இந்தக் கதைல உங்களுக்கு சும்மா கிடைக்கிற சொத்து. ஒட்டன்சத்திரத்துல இருந்து பழனி நேர் மேற்கே இருக்கு. அதனால சாயங்காலம் நடக்கும்போது சூரியன் மூஞ்சில அடிக்கும், ரெண்டு பேரும் கண்ணச் சுருக்கிட்டுதான் பேசுவாங்க. தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்னா கிட்டத்தட்ட முழு நிலா, சூரியன் முன்னாடி இறங்கும்போது முதுகுக்குப் பின்னாடி நிலா ஏறி வந்துட்டு இருக்கும். நடு ராத்திரி தாண்டினா அதே நிலா முன்னாடி வந்துடும், விடியறப்போ பழனிப் பக்கமா இறங்கிட்டு இருக்கும். காலைல சூரியன் பின்னாடி இருந்து வர்றதால அவங்க நிழல் அவங்களுக்கு முன்னாடி நீளமா விழும். கொடைக்கானல் மலைத்தொடர் வழி முழுக்க இடது கைப் பக்கம்.

இத ஒரு தடவ எழுதி வச்சுட்டா ஒவ்வொரு சீன் விவரிப்புலயும் ஒரு வரி தானா கிடைக்கும், கேமராமேனும் உங்கள நம்புவாரு. எழுதலைன்னா என்ன ஆகும்னா, சீன் 3ல நிலாவ எதிர்ல வச்சிருப்பீங்க, சீன் 6ல பின்னாடி வச்சிருப்பீங்க, பழனி ரோடு தெரிஞ்ச எவனாவது "இவங்க திரும்பி ஊருக்கே போறாங்களா"ன்னு கமெண்ட் போடுவான்.

4. உடம்புல ஒரு விஷயம், ஒண்ணே ஒண்ணு

"கடைசி"ன்னு யாரும் வாயால சொல்லக்கூடாது. அது உடம்புல தெரியணும். அதுக்காக இருமல், நெஞ்சுவலி, மயக்கம்னு எல்லாத்தையும் அள்ளிப் போடாதீங்க. ஒரு குறை எடுத்துக்கிட்டு அது எப்படி வேலை செய்யும்னு முழுசா தெரிஞ்சுக்குங்க.

முத்தையாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். நாள்பட்ட சுகர்ல கால் நரம்பு கெட்டுப் போய் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சு போகும், கல்லு குத்தினாலும் கொப்புளம் உடைஞ்சாலும் தெரியாது. மாலை போட்டிருக்காரு, செருப்பு போடாம நடக்குறாரு. அப்ப என்ன ஆகும்? அவரு நொண்டவே மாட்டாரு. புண்ணோட நல்லா நடப்பாரு. நொண்டுற தாத்தாவ எல்லாரும் பாத்திருக்கோம், இவருக்கு வலிக்கலைங்கிறதுதான் இங்க பயமே.

இதனால கதையும் தானா நகருது பாருங்க. வலி அவருக்குத் தெரியாது, அதனால புண்ண முதல்ல பாக்கப்போறது அபி. பாத்துட்டா அவ ஒரு முடிவு எடுக்கணும். "ஏதாச்சும்னா உடனே போன் பண்ணு, மாமா கார் எடுத்துட்டு வந்துடுவாரு"ன்னு அம்மா சொல்லி அனுப்பியிருக்கு. போன் பண்ணா யாத்திரை அங்கேயே முடிஞ்சது. பண்ணலைன்னா கால் போகலாம். அதுவரைக்கும் கூட வந்த பொண்ணா மட்டும் இருந்தவ இப்ப கதைக்கு நடுவுல வந்துட்டா. பேத்தி கேரக்டர் சும்மா கூட நடந்து கேள்வி கேக்குற கேரக்டரா போறதுதான் இந்த வகை ஸ்கிரிப்ட்ல நான் அதிகம் பாக்குற குறை, அவளுக்கு முடிவு எடுக்க ஒண்ணு குடுத்தா அது சரியாயிடும்.

ஒரு எச்சரிக்கை, ரத்தத்த கொட்டாதீங்க. சின்னப் புண்ணு, கொஞ்சம் கசிவு, அவ்ளோதான்.

5. சீன் ஆர்டர், பக்கக் கணக்கோட

ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம்னா திரைல சுமார் ஒரு நிமிஷம்னு சினிமாக்காரங்க போடுற கணக்கு. அத வச்சு 12 பக்கத்தப் பிரிக்கலாம்.

சீன் 1, ஒட்டன்சத்திரம், டெம்போ போகுது, குழு போகுது, இவங்க கடைசி. 1 பக்கம்.
சீன் 2, ரோடு, எதிர் வெயிலு, அம்மா போன். 1 பக்கம்.
சீன் 3, விருப்பாட்சி தாண்டி இருட்டு, போலீஸ்காரர் பைல ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுறாரு. ஒன்றரை.
சீன் 4, அன்னதானப் பந்தல், அபி பாக்குறா. 1 பக்கம்.
சீன் 5, மருத்துவ முகாம். ஒன்றரை.
சீன் 6, பாலத்துக் கட்டைல உக்காந்து பேரம். 2 பக்கம்.
சீன் 7, விடியல், ஆயக்குடி, பேச்சே இல்ல. 1 பக்கம்.
சீன் 8, அடிவாரம், திருஆவினன்குடி. ஒன்றரை.
சீன் 9, முத்தையா மட்டும். 1 பக்கம்.
சீன் 10, அபி திரும்பி வர்றா. அரைப் பக்கம்.

பக்கம் ஏன் இப்பவே போடணும்னா, எழுத ஆரம்பிச்சதும் உங்களுக்குப் புடிச்ச சீன் வீங்கும். பெரும்பாலும் சீன் 3தான் வீங்கும், ஏன்னா ராத்திரி ரோட்டுல ரெண்டு பேரு, ஆத்தாவப் பத்தி, பழைய கதையப் பத்தி பேச விடலாம்னு ஆசை வரும். ஆனா கதையத் தூக்குறது சீன் 6, இடம் அதுக்குத்தான் வேணும்.

6. சீன் விவரிப்பு: கண்ணுக்குத் தெரியறது, காதுக்குக் கேக்கறது மட்டும்

இதுலதான் புதுசா வர்றவங்க ரொம்ப திணறுறாங்க, சிறுகதை எழுதிப் பழகின கைன்னா இன்னும் கஷ்டம். இந்த மாதிரி எழுதுவாங்க:

*அபி அதிர்ச்சியில் உறைகிறாள். இத்தனை நாள் தாத்தாவைப் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு அவளை வாட்டுகிறது. அவர் காலில் இருந்து ரத்தம் வழிகிறது.*

குற்ற உணர்வ கேமரா எடுக்காது. "உறைகிறாள்"னா நடிகை என்ன பண்ணணும்? அதுலயும் ரத்தத்த கடைசி வரில சொல்லியாச்சு, அவ எதப் பாத்து உறைஞ்சான்னு படிக்கிறவனுக்குத் தெரியவே நேரமாகுது. விவரிப்பு வரிகள் எந்த வரிசைல இருக்கோ அதுதான் ஷாட் வரிசை. அதே சீன் இப்படி:

காட்சி 4. உள். அன்னதானப் பந்தல், சத்திரப்பட்டி. இரவு.

*தகரப் பந்தல். ரெண்டு டியூப் லைட்டு, ஒண்ணு மினுக்கு மினுக்குங்குது. சிமெண்ட் தரைய இப்பதான் கழுவி விட்டிருக்காங்க, ஈரம்.*

*முத்தையா உள்ள வந்து வரிசைல உக்கார்றாரு. இலை விழுது. சாம்பார் சாதம் விழுது.*

*அபி ரெண்டு டம்ளர் தண்ணியோட பின்னாடி வர்றா. பாதி வழில நிக்கிறா.*

*ஈரத் தரைல கால் தடம். ஒண்ணு விட்டு ஒண்ணு இளஞ்சிவப்பு. வலது கால் மட்டும்.*

*அபி கண்ணு தடம் போற பக்கமே போகுது. அது முத்தையாகிட்ட போய் முடியுது.*

*முத்தையா நல்லா சாப்பிடுறாரு. பரிமாறுறவர்கிட்ட இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கை காட்டுறாரு.*

உணர்ச்சிய ஒரு வரில கூட எழுதல. கடைசி வரில அவரு சாம்பார் கேக்குறாருல்ல, அவருக்கு வலிக்கலைங்கிற மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. தரை ஏன் ஈரம்? காஞ்ச தரைன்னா தடம் விழாது, அதுக்குத்தான் "கழுவி விட்டிருக்காங்க"ன்னு மேலயே போட்டது. இந்த மாதிரி பின்னாடி தேவப்படுறத முன்னாடி வரில வச்சுடணும், சீன் நடுவுல திடீர்னு ஈரமாக்கினா டைரக்டரே தடுமாறுவாரு.

விவரிப்ப நடக்குற காலத்துல எழுதுங்க, வர்றா, நிக்கிறா, பாக்குறா. ஒரு பத்திக்கு ஒரு பார்வை. நாலு வரிக்கு மேல போகுதுன்னா அது ரெண்டு ஷாட், பிரிச்சுடுங்க.

7. பொருள் ஒண்ணு கை மாறட்டும்

சீன் 5ல மருத்துவ முகாம். தைப்பூச சமயத்துல வழில இருக்கும், அதனால இது வசதிக்கு வச்ச சீன் இல்ல, வைக்காம விட்டாத்தான் ஓட்டை. நர்ஸ் புண்ணத் தொடச்சு கட்டு போடுறாங்க, "இனிமே வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக்கூடாது, பழனி போனதும் நேரா ஜிஎச் போயிடணும்"ங்கிறாங்க. முத்தையாவுக்கு சொல்லாம அபியப் பாத்து சொல்லணும், வயசானவங்க பக்கத்துல இருக்கும்போதே மத்தவங்ககிட்ட பேசுறது ஆஸ்பத்திரில எப்பவும் நடக்குறதுதான்.

அபி தன் செருப்பக் கழட்டி குடுக்குறா. ரோஸ் கலர், அவருக்கு சின்னது, குதிகால் வெளில நிக்குது. மாலை போட்டவரு, போடலாமா வேணாமான்னு கொஞ்ச நேரம் செருப்பையே பாக்குறாரு, அப்பறம் போட்டுக்கிறாரு. இதுக்கப்பறம் வெறுங்கால்ல நடக்குறது அபி. இத யாரும் வசனத்துல சொல்லவே கூடாது. "இப்ப நீயும் சாமி ஆயிட்ட"ன்னு ஒரு டயலாக் எழுதத் தோணும், எழுதினா கொன்னுடும். சீன் 7ல ரெண்டு நிழலு முன்னாடி நீளமா விழுது, நாலு கால், ரெண்டுல மட்டும் ரோஸ் செருப்பு, அது போதும்.

செருப்புல கன்டினியூட்டி கவனம். சீன் 5க்கு அப்பறம் ஒவ்வொரு சீன்லயும் யார் கால்ல என்ன இருக்குன்னு விவரிப்புல ஒரு சொல்லாவது வேணும், இல்லன்னா ஷூட்டிங்ல நடிகை செருப்போட வந்து நிப்பா.

8. டயலாக் இப்பதான்

முதல்ல யாரு யார எப்படிக் கூப்பிடுவாங்கன்னு முடிவு பண்ணுங்க. முத்தையா பேத்திய "ஆத்தா"ங்கிறாரு, அந்தப் பக்கம் பொம்பளப் புள்ளைங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க. அபி தாத்தாவ "நீ"ன்னுதான் பேசுவா, மடில வளந்த புள்ள. ஆனா அபியோட அம்மா தன் அப்பாகிட்ட போன்ல பேசுறப்ப "நீங்க"ன்னு பேசலாம். ஒரு சீன்ல நீ, இன்னொரு சீன்ல நீங்கன்னு மாறி மாறி வந்தா சொந்தமே மாறிப் போகும்.

ரெண்டாவது விதி, பேச்சு விஷயத்தப் பத்தி இருக்கக்கூடாது, விஷயத்துக்குப் பக்கத்துல இருக்கணும். சீன் 6 பேரத்த எழுதிக் காட்டுறேன்.

காட்சி 6. வெளி. சின்னப் பாலம், ரோட்டோரம். பின்னிரவு.

*பாலத்துக் கட்டைல ரெண்டு பேரும். நிலா முன்னாடி, தாழ வந்துருச்சு. அபியோட வெறுங்கால் தரை தொடாம தொங்குது. போன் மடில, வெளிச்சம் வந்து வந்து அணையுது.*

அபி: அம்மா மூணு தடவ கூப்டுருச்சு.

முத்தையா: எடுக்க வேண்டியதுதான.

அபி: எடுத்து என்ன சொல்ல?

முத்தையா: சாப்டோம்னு சொல்லு.

*ஒரு குழு கடந்து போகுது. "அரோகரா" சத்தம் வந்து தேயுது.*

அபி: நெசமாவே வலிக்கலையா ஒனக்கு?

முத்தையா: வலிச்சா சொல்ல மாட்டனா ஆத்தா.

*அபி அவரு கால் கட்ட உத்துப் பாக்குறா.*

அபி: மலை ஏறக் கூடாது. அடிவாரத்தோட சரி.

*முத்தையா பேசல.*

அபி: விஞ்சுல வேணா கூட்டிட்டுப் போறேன்.

முத்தையா: அதுல போறதுக்கு நத்தத்துலயே பஸ் ஏறியிருப்பேன்.

*போன் மறுபடி. ரெண்டு பேரும் அதையே பாக்குறாங்க.*

முத்தையா: ஆவினன்குடில உக்காந்துக்கிறேன்.

*அபி போன எடுக்குறா.*

அபி: ஆங் அம்மா. சாப்டோம்மா.

விஞ்சு வரி ஏன் வச்சதுன்னா, பழனி தெரிஞ்ச எல்லாரும் அதத்தான் கேப்பாங்க, விஞ்சு இருக்கு, ரோப் கார் இருக்கு, அப்பறம் என்னன்னு. ஒரு வரில மூடியாச்சு, அவரு பிடிவாதமும் வந்துருச்சு. பேரம் படிஞ்சத யாரும் "சரி"ன்னு சொல்லல, "சாப்டோம்மா"தான் கையெழுத்து.

"இதுதான்டா என் கடைசி நடை", "அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னமோ", இந்த ரெண்டு வரியும் உங்க டிராஃப்ட்ல எங்கயாவது இருக்கும், தேடி அடிச்சுடுங்க. மலை ஏறாம அடிவாரத்துல உக்கார ஒத்துக்கிட்டாருல்ல, அதுக்கு மேல என்ன வேணும்.

9. மலை மேல கேமரா போகாது

நிறைய ஸ்கிரிப்ட்ல கிளைமாக்ஸ் இப்படி வரும்: பேத்தி மேல போய் வீடியோ கால் போட்டு கருவறைய தாத்தாவுக்குக் காட்டும், தாத்தா கீழ இருந்து கும்பிடுவாரு. நடக்காது. பழனி மலைக்கோயில்ல 2023 அக்டோபர் 1ல இருந்து செல்போன் கொண்டு போகத் தடை, கீழயே குடுத்துட்டுத்தான் போகணும். அங்க நீங்க கேமராவோட போய் எடுக்குறதும் ஆகாது. இத மறந்துட்டு எழுதினவங்க ஷூட்டிங் அன்னைக்கு கிளைமாக்ஸ் இல்லாம நிப்பாங்க.

ஆனா இந்தத் தடை நமக்கு நல்லதுதான் பண்ணுது. அபி போன கவுண்டர்ல குடுக்காம தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போறா. கேமரா தாத்தாவோட கீழயே நிக்குது. அவ 693 படி ஏறுறத நாம பாக்கவே மாட்டோம், அவரு காத்திருக்கிறத மட்டும் பாப்போம். சீன் 9ல போன் அடிக்குது, எடுக்கத் தெரியாம ரெண்டு தடவ தேய்க்கிறாரு, மூணாவது தடவ எடுத்துடுறாரு. அம்மா குரல், அபி எங்கப்பான்னு. "மலைல இருக்கா"ங்கிறாரு. "அப்ப நீங்க?" அவரு கால்ல இருக்குற ரோஸ் செருப்பப் பாத்துட்டு, "சாப்ட்டேன்மா"ங்கிறாரு. சீன் 6ல பேத்திக்கு சொல்லிக் குடுத்த பொய்ய இப்ப அவரே சொல்றாரு, ஜனங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும், இந்த இடத்துல சிரிப்பு வேணும்.

அடிவாரத்துல எங்க உக்கார வைக்கிறதுங்கிறதும் முக்கியம். பூக்கடை ஓரத்துல உக்கார வச்சா பாவமா இருக்கும், தோத்துப் போன மாதிரி. திருஆவினன்குடின்னு கேட்டவர் அவரே. திருமுருகாற்றுப்படைல வர்ற படைவீடு ஆவினன்குடிதான், அது மலைக்குக் கீழ இருக்குற கோயிலு. அதனால அவரு பாதில நின்ன ஆளு இல்ல, வந்து சேந்த ஆளு. ஆனா இந்தத் தகவல அவரு வாயில வைக்காதீங்க, லெக்சர் ஆயிடும். கோயில் முன்னாடி வந்ததும் ரோஸ் செருப்பக் கழட்டி ஓரமா சேத்து வச்சுட்டு கட்டுக் காலோட படி தாண்டி உள்ள போறாரு, கும்பிட்டு வந்து மறுபடி போட்டுக்கிறாரு, அவ்ளோதான் விவரிப்பு.

10. கடைசி சீன்

தூங்குற மாதிரி இருக்காரு, அபி தொடுறா, கை சரியுது. இத எழுதிட்டீங்கன்னா அழிங்க. "செத்தாரா இல்லையா"ன்னு விட்டுட்டுப் போறதும் அதேதான், கொஞ்சம் கூச்சத்தோட. சுகர் புண்ணால விடியறதுக்குள்ள யாரும் செத்துப் போக மாட்டாங்க, பாக்குற நர்ஸ் யாராவது சிரிப்பாங்க.

அபி வர்றா, நெத்தில விபூதி, கைல பஞ்சாமிர்த டப்பா, கால் ரெண்டும் கறுப்பு. அவரு ஒண்ணே ஒண்ணு கேக்குறாரு, "இடும்பன் சன்னதிகிட்ட நின்னியா?" பாதி மலைல இருக்குற சன்னதி, நடந்து ஏறினவங்களுக்குத்தான் தெரியும். அபி, "மூச்சு வாங்குச்சு, அங்கதான் நின்னேன்." முத்தையா, "நானும் அங்கதான் நிப்பேன்." அபி டப்பாவ அவரு கைல குடுத்துட்டு ரோட்டுப் பக்கம் போய் ஆட்டோவக் கை காட்டுறா. "ஜிஎச் போகணும்ணே." கட்.

11. எழுதி முடிச்சதும் செக் பண்றது

ஸ்டாப் வாட்ச் வச்சுக்கிட்டு சத்தமா படிங்க, விவரிப்பையும் சேத்து, நடக்குற வரி வந்தா நிஜமா எந்திரிச்சு அறைக்குள்ள நடங்க. "அவர்கள் நடக்கிறார்கள்"னு ஒரு வரி எழுதியிருப்பீங்க, திரைல அது அரை நிமிஷம் எடுக்கும், அதனால நடைக் கதைகள்ல ஒரு பக்கம் ஒரு நிமிஷம் கணக்கு ஏமாத்தும். 12 பக்கம் எழுதினா 14, 15 நிமிஷம் கூட வரும். வந்தா சீன் 2லயும் 3லயும் வெட்டுங்க, 7ல கை வைக்காதீங்க, பேச்சு இல்லாத சீன்னு எல்லாரும் அதத்தான் முதல்ல வெட்டுவாங்க.

அப்பறம் ஸ்கிரிப்ட்ட ரெண்டா பிரிச்சு குறிச்சுக்குங்க, நிஜக் கூட்டம் வேண்டிய சீன், வேண்டாத சீன். 1, 3, 8 மட்டும்தான் தைப்பூச நாட்கள்ல எடுக்க வேண்டியது. பந்தல், முகாம், பாலம் மூணையும் எந்த மாசமும் எடுக்கலாம், ஆனா பாலத்துக்கு பௌர்ணமிய ஒட்டின நாளா பாத்துக்குங்க, நிலா விவரிப்புல இருக்கு. சீன் 9, 10 ரெண்டும் கோயில் வாசலத் தள்ளி ஒரு தெருவுல எழுதிட்டா அனுமதி கேக்குற வேலையும் குறையும்.